12 சதவீதக் கடன் 29 சதவீதம் ஆவது எப்படி? கடனின் உண்மை வட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் தாளோடு வந்து என்னிடம் கணக்குக் கேட்பவர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே கடனை எடுத்துக்கொள்வோம்: தொகை 1,20,000 ரூபாய், காலம் 12 மாதம், "ஃபிளாட் 12 சதவீதம்", மாதத் தவணை 11,200 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., வரியோடு சேர்த்துக் காப்பீடு 1,800 ரூபாய். இது உதாரணக் கடன்தான். ஆனால் வாகனக் கடன், கைக்கடன் தாள்களில் நான் வழக்கமாகப் பார்க்கும் வடிவம் இதுவே.

1,20,000-க்கு 12 சதவீதம் என்றால் 14,400 ரூபாய் வட்டி. அதைத்தானே வாங்குகிறார்கள்? இதில் தவறு எங்கே?

பெருக்கலில் தவறு இல்லை. 1,20,000-ஐ ஆண்டு முழுவதும் நீங்கள் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. முதல் மாத முடிவிலேயே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆறாவது தவணை கட்டிய பிறகு உங்களிடம் இருப்பது ஏறத்தாழப் பாதி. கடைசி மாதத்தில் ஒரு தவணை அளவுகூட இல்லை. ஆனால் வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் 1,20,000-க்கே போடப்படுகிறது.

ஃபிளாட் வட்டி என்பது இதுதான். திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். வங்கிகள் வீட்டுக் கடனுக்குப் பின்பற்றும் குறையும் நிலுவை முறையில், மீதமிருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி. இரண்டு முறைக்கும் "சதவீதம்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் இத்தனை குழப்பமும்.

சரி, உண்மையில் எத்தனை சதவீதம்? கால்குலேட்டர் இல்லாமல் காகிதத்தில் போட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. மாதம் 10,000 வீதம் அசல் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் உங்களிடம் 1,20,000 இருக்கிறது, அடுத்த மாதம் 1,10,000, கடைசி மாதம் 10,000. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 65,000. அதாவது, ஆண்டு முழுவதும் சராசரியாக நீங்கள் பயன்படுத்தியது 65,000 ரூபாய்தான். அதற்குக் கொடுத்த வட்டி 14,400. வகுத்தால் 22 சதவீதத்துக்குச் சற்று மேல்.

துல்லியமாகக் கணக்கிட்டால் 21.46 சதவீதம் வரும். காகிதக் கணக்கு சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனாலும் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முடிவெடுக்க இது போதும். தவணைக் கடனுக்கு ஃபிளாட் வட்டி சொன்னால், அதை ஏறக்குறைய 1.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 12 மாதம் முதல் சில ஆண்டுகள் வரையிலான கடன்களுக்கு இந்தப் பெருக்கல் பெரிதாக ஏமாற்றாது.

செயலாக்கக் கட்டணம் ஒருமுறை கட்டுவதுதானே? அதை ஏன் வட்டியோடு சேர்க்க வேண்டும்?

அது உங்கள் கைக்கு வரவே இல்லை என்பதால். நம் கடனில் கட்டணம் 2,400, அதன் மேல் ஜி.எஸ்.டி. 432, காப்பீடு 1,800. மொத்தம் 4,632 ரூபாயைப் பிடித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் போடுவது 1,15,368. நீங்கள் கடனாகப் பெற்றது இதுதான். திருப்பிக் கொடுப்பதோ 11,200 வீதம் பன்னிரண்டு தவணை, ஆக 1,34,400. இடைவெளி 19,032 ரூபாய். அதற்கு வட்டி என்று பெயர் வைத்தாலும் கட்டணம் என்று பெயர் வைத்தாலும் உங்கள் பையிலிருந்து போவது ஒன்றே.

தாளில் அச்சடித்திருக்கும் கடன் தொகையை மறந்துவிட்டு, வங்கிக் கணக்கில் வரவான தொகையை மட்டும் பாருங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காப்பீட்டில் மட்டும் ஒரு விலக்கு சொல்வேன். கடன் இல்லாவிட்டாலும் அதே காப்பீட்டை அதே விலைக்கு நீங்கள் வாங்கியிருப்பீர்கள் என்றால் அதைச் சேர்க்க வேண்டாம். நான் பார்த்த தாள்களில் அப்படிச் சொல்லக்கூடியவர் மிகக் குறைவு. கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் காப்பீடு இருப்பதே பலருக்குத் தெரிகிறது.

துல்லியமான எண் வேண்டும். கைப்பேசியிலேயே போட முடியுமா?

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் `RATE` என்ற வாய்ப்பாடு இருக்கிறது. அதற்கு மூன்று எண்கள் போதும்: எத்தனை தவணை, ஒரு தவணை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு. தவணை வெளியே போகும் பணம் என்பதால் அதற்கு முன் கழித்தல் குறி வேண்டும்.

```
=RATE(12,-11200,115368)
=RATE(12,-11200,115368)*12
=(1+RATE(12,-11200,115368))^12-1
```

முதல் வரி மாத வட்டியைத் தரும்: 2.431 சதவீதம். இரண்டாவது 29.17 சதவீதம், மூன்றாவது 33.41 சதவீதம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடுத்த பதிலில். கட்டத்தில் வெறும் 0 அல்லது 2% என்று காட்டினால் பதறாதீர்கள், தசம இடங்களைக் கூட்டினால் சரியாகும். பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும்.

இந்த எண்ணை நம்பலாமா என்று சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. 1,15,368-க்கு 2.431 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி சுமார் 2,805 ரூபாய். 11,200 கட்டுகிறீர்கள். வட்டி போக 8,395 அசலில் கழிந்து, மீதம் 1,06,973. இரண்டாம் மாத வட்டி 2,600, மீதம் 98,373. இப்படியே இறங்கிக்கொண்டு போனால் பன்னிரண்டாவது தவணையோடு மீதம் பூஜ்யத்தில், சில்லறை வித்தியாசத்தோடு வந்து நிற்கும். எந்த விகிதத்தில் மீதம் சரியாகப் பூஜ்யமாகிறதோ, அதுவே கடனின் உண்மை வட்டி. வாய்ப்பாடு செய்வதும் அந்த விகிதத்தைத் தேடும் வேலையைத்தான்.

29.17 என்றும் 33.41 என்றும் இரண்டு எண் வருகிறதே, எது சரி?

இரண்டும் சரி. மாத வட்டியை வெறுமனே 12-ஆல் பெருக்கினால் 29.17. அந்த மாத வட்டி மாதத்துக்கு மாதம் வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்தால் ஆண்டு முடிவில் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால் 33.41. பாடப்புத்தகம் பயனுறு வட்டி விகிதம் என்று சொல்வது இரண்டாவதை.

என்னைக் கேட்டால், ஓர் ஆண்டுக்கான முழுச் செலவைச் சொல்வது 33.41 என்பேன். மாதாமாதம் கட்டும் வட்டியை நீங்கள் கட்டாமல் வைத்திருந்தால் அந்தப் பணமும் உங்களுக்கு ஏதாவது ஒரு வழியில் பயன்பட்டிருக்கும். அந்த இழப்பும் செலவுதான். ஆனால் இரண்டு கடன்களை ஒப்பிடும்போது எந்த எண்ணை எடுத்தாலும், இரண்டுக்கும் அதே வகை எண்ணை எடுக்க வேண்டும். ஒன்றின் 29-ஐ இன்னொன்றின் 31-ஓடு ஒப்பிட்டு, 31 பயனுறு விகிதம் என்பதைக் கவனிக்காமல் விட்டால், மலிவான கடனைத்தான் தள்ளிவிடுவீர்கள். `XIRR` வாய்ப்பாட்டைப் பயன்படுத்துபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அது தரும் எண் ஏற்கெனவே இரண்டாவது வகை, அதை மறுபடி 12-ஆல் பெருக்கக் கூடாது.

ஊரில் ஒருவர் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்குத் தருகிறார். 24 சதவீதம் ஆகிறது. அதைவிட இந்த 12 சதவீதக் கடன் மேல் அல்லவா?

இல்லை. கணக்கு அளவில் 2 ரூபாய் வட்டிதான் மலிவு. அங்கே 1,20,000 வாங்கினால் மாதம் 2,400 வட்டி கட்டுகிறீர்கள். அசல் முழுவதும் கடைசி வரை உங்கள் கையில் இருக்கிறது, கட்டணப் பிடித்தமும் இல்லை. எனவே 24 என்பது முகத்துக்கு நேரே சொன்ன உண்மை எண். பயனுறு விகிதமாக மாற்றினால் 26.8. நம் கடனில் அதற்கு இணையான எண்கள் 29.17, 33.41. இடையில் அசலில் கொஞ்சம் கொடுத்து, அன்றிலிருந்து வட்டியைக் குறைத்துக்கொள்ளவும் அவர் ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது.

தனியாரிடம் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே ரசீது, வெற்றுத்தாளில் கையெழுத்து, வசூலிக்கும் முறை எனக் கவலைப்பட வேறு காரணங்கள் உண்டு. ஆனால் "24-ஐ விட 12 குறைவு" என்ற ஒரே காரணத்துக்காக ஃபிளாட் கடனுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கம் வருகிறது.

வங்கி 16 சதவீதம் என்கிறது, ஃபைனான்ஸ் கம்பெனி 12 என்கிறது. தவணையில் 300 ரூபாய்தான் வித்தியாசம். எதை எடுக்க?

வங்கி குறையும் நிலுவை முறையில் 16 சதவீதம், கட்டணம் 1 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் என்று வைத்துக்கொள்வோம். 1,20,000-க்குத் தவணை 10,888 ரூபாய். பிடித்தம் 1,416, கைக்கு வருவது 1,18,584. `=RATE(12,-10888,118584)*12` என்று போட்டால் 18.3 சதவீதம். பயனுறு விகிதம் 19.9.

அதாவது, தவணை மாதம் 312 ரூபாய் குறைவு, கைக்கு வருவதோ 3,216 ரூபாய் கூடுதல். பெரிய எண்ணைச் சொன்ன வங்கிக் கடன் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலிவு. இந்த உதாரணத்தில் தவணையும் கைத்தொகையும் ஒரே பக்கம் சாய்வதால் விகிதமே தேவையில்லாமல் முடிவு தெரிந்துவிடுகிறது. தவணை ஒன்றில் குறைவு, காலம் இன்னொன்றில் குறைவு என்று மாறி மாறி வரும்போதுதான் உண்மை வட்டியின் உதவி தேவைப்படும்.

கடன் தாளில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கிறதே. அதைப் பார்த்தால் போதாதா?

பெரும்பாலும் போதும், இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான காலக் கடன்களுக்கும், வங்கியானாலும் வங்கியல்லாத நிதி நிறுவனமானாலும், முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஏபிஆர் எனப்படும் ஆண்டு சதவீத விகிதம் அதில் இருக்கும். காப்பீடு போல, வேறொருவருக்காக நிறுவனம் வசூலிக்கும் தொகைகளையும் அந்த எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் பிடிக்கவும் முடியாது.

ரிசர்வ் வங்கி தந்த மாதிரிக் கணக்கில் ஏபிஆர் என்பது மாத விகிதத்தை 12-ஆல் பெருக்கிய எண். எனவே அதை நம் 29.17-ஓடு ஒப்பிடுங்கள், 33.41-ஓடு அல்ல. நீங்கள் போட்ட எண்ணுக்கும் தாளில் இருப்பதற்கும் ஒன்றிரண்டு சதவீதம் வேறுபட்டால், பெரும்பாலும் ஏதாவது ஒரு பிடித்தம் அவர்கள் கணக்கில் விடுபட்டிருக்கும். "கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று வைத்து இந்த ஏபிஆரைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். கிரெடிட் கார்டு நிலுவைக்கு இந்த அறிக்கை விதி பொருந்தாது.

கட்டணத்தைப் பிடிக்காமல் கடனோடு சேர்த்துவிடுகிறோம், முழு 1,20,000 கைக்கு வரும் என்கிறார்கள். அப்போது சரியாகிவிடுமா?

கடன் தொகை 1,24,632 ஆகிவிடும். தவணை ஏறத்தாழ 11,632. உண்மை வட்டி 28.9 சதவீதம். கிட்டத்தட்ட அதே இடம்தான். கட்டணத்தை முதலிலேயே எடுக்கிறார்களா, தவணைக்குள் கரைக்கிறார்களா என்பது மட்டுமே மாறுகிறது.

முதல் தவணையைப் பணம் தரும் நாளிலேயே வாங்கிக்கொண்டார்கள். எப்படியும் கட்ட வேண்டியதுதானே?

கட்ட வேண்டியதுதான், ஆனால் ஒரு மாதம் கழித்து. பணம் வந்த அன்றே 11,200 திரும்பிப் போனால் உங்கள் கையில் நிற்பது 1,04,168. இனிக் கட்ட வேண்டியது 11 தவணை. `=RATE(11,-11200,104168)*12` என்று போட்டுப் பாருங்கள்: 34.9 சதவீதம். மேலே 29.17 என்று பார்த்த அதே கடன், ஒரு தவணையின் தேதி மாறியதால் மட்டும் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. பேரம் பேச முடியுமானால் வட்டியில் அரைச் சதவீதம் குறைக்கச் சொல்வதைவிட, முன்தவணை வேண்டாம் என்று கேட்பதே லாபம்.

நூறு நாள் தண்டலுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தும். 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, மறுநாள் முதல் தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவது ஒரு பழக்கமான கணக்கு. 15 சதவீதம் என்பார்கள். `=RATE(100,-100,8500)` நாள் வட்டியைத் தரும், சுமார் 0.331 சதவீதம். 365-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 121 சதவீதம்.

வட்டிக்கு வட்டியாகப் போட்டால் 230 சதவீதத்தையும் தாண்டும். நூறு நாளில் முடித்து, பிறகு அந்தப் பக்கமே போகாதவருக்கு அந்தப் பெரிய எண் பொருந்தாது. அவர் இழந்தது 1,500 ரூபாய், அவ்வளவே. ஒரு தண்டல் முடியும் முன்பே அடுத்ததை எடுத்து, ஆண்டு முழுவதும் சுழற்றிக்கொண்டிருக்கும் சிறு கடைக்காரருக்குத்தான் அது மெய்யாகிறது.

நான்கு தவணை கட்டிவிட்டேன், இப்போது கையில் பணம் இருக்கிறது. முன்கூட்டியே அடைத்துவிட்டால் உண்மை வட்டி குறையும்தானே?

கூடும். நம் கடனில் நான்காவது தவணைக்குப் பிறகு, நிறுவனத்தின் கணக்கில் மீதம் சுமார் 82,800. முன்கூட்டி அடைக்கும் கட்டணம் 4 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் என்றால் 3,908. ஆக, கொடுக்க வேண்டியது 86,708. தொடக்கத்தில் பிடித்த 4,632-ம் இந்தக் கட்டணமும் நான்கே மாதத்தின் தலையில் விழுவதால் உண்மை வட்டி 46 சதவீதமாகிவிடும். இதற்கு `RATE` உதவாது. வரவையும் செலவையும் மாதவாரியாக எழுதி `IRR` போட்டு 12-ஆல் பெருக்க வேண்டும்.

அப்படியானால் அடைக்காமல் விடுவதே நல்லதா?

அந்த 46-ஐ வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே பிடித்த 4,632 அடைத்தாலும் திரும்பாது, அடைக்காவிட்டாலும் திரும்பாது. இன்றைய கேள்வி, 86,708 ரூபாயை இன்று கொடுப்பதா, அல்லது எட்டு மாதத்தில் 89,600 கொடுப்பதா என்பது மட்டுமே. மிச்சமாவது 2,892 ரூபாய். `=RATE(8,-11200,86708)*12` என்று போட்டால் 8.8 சதவீதம். அடைத்தால் உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் பலன் அவ்வளவுதான்.

அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது என்றால் அடைத்துவிடலாம். அதை எடுத்தால் இரண்டு மாதத்தில் மறுபடி 2 ரூபாய் வட்டிக்குக் கைநீட்ட வேண்டி வரும் என்றால் அடைக்க வேண்டாம். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும்: மீதம் 82,800 மட்டும் கொடுத்தால் பலன் 21.46 சதவீதம், யோசிக்காமல் அடைக்கலாம். தொழில் நோக்கமில்லாமல் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் உதாரணம் போன்ற நிலையான வட்டிக் கடனில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடைக்கப் போகும் தேதியைச் சொல்லி, கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டும் நிலுவைக் கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வாய்ப்பாட்டைப் போடுங்கள்.